ஒட்டிய உருவம் மிதக்காமல் இருக்க

கொடைக்கானல் பனிமூட்டத்தில் எடுத்த குடும்பப் படம். அன்று வர முடியாமல் போன பெரியப்பாவையும் அதில் சேர்க்க வேண்டும். அவர் படமோ வீட்டுக் கூடத்தில் பிளாஷ் போட்டு எடுத்தது. தலைமுடி ஓரம்வரை சுத்தமாக வெட்டி ஒட்டியாயிற்று. ஆனாலும் கண்ணாடிமேல் ஒட்டிய ஸ்டிக்கர்போல அவர் மட்டும் தனியாக நிற்கிறார். இதில் கத்தரிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கறுப்பும் வெள்ளையும்தான் ஒத்துப்போகவில்லை. போட்டோஷாப்பில் இதைச் சரிசெய்யும் வழி இது.

1. பின்னணி லேயரைத் தேர்ந்துகொண்டு Histogram பேனலைத் திறந்து, Expanded View-ல் Source-ஐ Selected Layer ஆக்குங்கள். இடது ஓரம் கறுப்பு, அதன் எண் 0. வலது ஓரம் வெள்ளை, அது 255. பனிமூட்டத்தில் எடுத்த படத்தின் மேடு இடது ஓரத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளியே தொடங்கும். நிழலின் மேலும் பனியின் வெளிச்சம் படர்வதால் அங்கே முழுக் கறுப்பு என்று ஒன்று இருக்காது. பிளாஷ் படத்தின் மேடோ ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். மிதப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

2. படம் முழுவதையும் அளந்தால் ஏமாறுவீர்கள். காலடிக் கல்லின் கறுப்பு வேறு, தூரத்து மலையின் கறுப்பு வேறு. தூரம் கூடக்கூட கறுப்பு வெளுக்கும். பெரியப்பா எந்த வரிசையில் நிற்கப்போகிறாரோ அந்த வரிசையில் இருப்பவர்களைச் சுற்றி ஒரு கட்டம் தேர்வு செய்யுங்கள். ஹிஸ்டோகிராம் அந்தக் கட்டத்துக்கு மட்டும் காட்டும்.

3. முடிக்கு முடி, வேட்டிக்கு வேட்டி என்று ஒப்பிடுங்கள். மூக்குத்தி மினுக்கலையும் கண்ணாடிப் பளபளப்பையும் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐடிராப்பரின் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்து, Info பேனலில் எண்ணைப் படியுங்கள். ஒரே புள்ளியைத் தொட்டால் இரைச்சல்தான் எண்ணாக வரும். எங்கள் படத்தில், பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் முடி நிழல் சிவப்பு 28, பச்சை 32, நீலம் 41. அவருடைய வேட்டி 226, 230, 236. பெரியப்பாவின் முடி 3, 3, 2; அவருடைய வேட்டி 252, 247, 238.

4. பெரியப்பா லேயருக்கு மேல் ஒரு Levels லேயரைப் போட்டு, Ctrl+Alt+G அழுத்தி அவரோடு மட்டும் பிணையுங்கள். RGB என்ற இடத்தில் Red-ஐத் தேர்ந்து, மேலே உள்ள இரு முனைகளில் 3, 252 என்றும், கீழே Output Levels-ல் 28, 226 என்றும் கொடுங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் இதேபோல அதனதன் எண்கள். மூன்றையும் தனித்தனியாகச் செய்வது வீண்வேலை இல்லை. இந்தப் பனி நிழலில் நீலம்தான் தூக்கலாக இருக்கிறது. மொத்தமாக ஒரே எண் கொடுத்தால் முடி சாம்பலாகுமே தவிர நீலம் ஏறாது. நடு முனையைக் கடைசியில் தொடுங்கள், முகத்தைப் பார்த்து.

5. படம் மங்கலாகிறதே என்று கைகூசாதீர்கள். எப்போதும் அழுத்தமான படத்தைத்தான் மங்கலானதற்கு இறக்க வேண்டும். மங்கலான பின்னணியை இழுத்து நீட்டினால் ஹிஸ்டோகிராம் பல் விழுந்த சீப்புபோல் ஆகி, வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அழுத்தம் வேண்டுமென்றால் இரண்டும் ஒன்றான பிறகு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு Curves போட்டு லேசாக ஏற்றுங்கள்.

6. பிளாஷ் படத்தில் முடி ஏற்கெனவே 0 ஆகிவிட்டிருந்தால் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். கறுப்பு உயரும், ஆனால் இழைகள் திரும்பாது. தட்டையான சாம்பல் திட்டுதான் மிஞ்சும். வேறு படம் கேட்டு வாங்குவது நல்லது.

7. கண் பழகிப்போகும், அதை நம்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Levels போட்டு, நடு எண்ணை 2.50 ஆக்குங்கள். நிழல்கள் எல்லாம் வெளுத்துப்போகும். அப்போது பெரியப்பாவின் முடி மட்டும் கரியாக நின்றால் வேலை முடியவில்லை. 0.40 ஆக்கினால் வெள்ளையின் குட்டு வெளிப்படும். பார்த்துவிட்டு அந்த லேயரை மறக்காமல் அழியுங்கள். ஒருமுறை அதோடே பிரிண்டுக்கு அனுப்பி, மறுபடி அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

8. எண்கள் சேர்ந்த பிறகும் மிதந்தால் காலடியைப் பாருங்கள். செருப்புக்கும் தரைக்கும் நடுவே நிழல் இருக்காது. அதைச் சுத்தக் கறுப்பில் தீட்டினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். பக்கத்தில் நிற்பவரின் செருப்படி நிழலிலிருந்தே நிறத்தை எடுத்து, பிரஷ்ஷை Normal-லேயே வைத்துத் தீட்டுங்கள். செருப்பை ஒட்டி அடர்த்தியாக, ஒரு விரல்கடை தள்ளியதும் கரைந்துபோகும்படி.