பதினாறு லட்சம் லிட்டர் வருமா? – மழைநீர் மதிப்பீட்டைச் சரிபார்க்கும் ஒரு கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, சென்னைப் புறநகரில் வசிக்கும் மாணவி ஒருவர் வீட்டிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். மழைநீர்த் தொட்டி அமைக்க அவரது தந்தை வாங்கியிருந்த கொட்டேஷன் அது. அதில் இருந்த கணக்கு இதுதான்:

1,300 × 1,400 × 0.9 = 16,38,000 லிட்டர்

வீட்டின் பரப்பு 1,300, சென்னையின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 1,400 மி.மீ., கூரையிலிருந்து கிடைக்கும் பங்கு 0.9 என்று குறிப்பிட்டு, "5,000 லிட்டர் தொட்டி போதும், லாரித் தண்ணீர் இனித் தேவையில்லை" என்று முடித்திருந்தார்கள். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் விடையை நம்பிப் பணம் கட்டலாமா? இந்தக் கேள்வியையே அன்றைய பாடமாக எடுத்துக்கொண்டோம்.

அலகிலிருந்து தொடங்குவோம்

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 1 மி.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் அதன் கன அளவு 1 × 1 × 0.001 = 0.001 கன மீட்டர், அதாவது 1 லிட்டர். இதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கட்டும். பரப்பு சதுர மீட்டரிலும் மழை மில்லிமீட்டரிலும் இருந்தால் பெருக்கற்பலன் நேராக லிட்டரில் வருவது இதனால்தான்.

கொட்டேஷனில் உள்ள 1,300 சதுர அடியில் சொல்லப்பட்டது. ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. அலகை மாற்றாமல் பெருக்கியதால் விடை கிட்டத்தட்ட பதினொரு மடங்கு பெருகிவிட்டது. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கிடைத்த லிட்டரை மழையளவால் வகுத்தால், கூரையின் சதுர மீட்டரை விடச் சற்றுக் குறைவான எண் வர வேண்டும். இங்கே 16,38,000 ÷ 1,400 = 1,170 வருகிறது. 1,170 சதுர மீட்டர் என்றால் அது ஒரு திருமண மண்டபத்தின் கூரையாக இருக்கலாம். இந்த வீட்டின் கூரையாக இருக்க முடியாது.

எந்தப் பரப்பு?

1,300 சதுர அடி என்பது தரைத்தளமும் மாடியும் சேர்ந்த கட்டுமானப் பரப்பு என்பது விசாரித்தபோது தெரிந்தது. வீடு எத்தனை அடுக்காக இருந்தாலும் மழை ஏந்தும் மொட்டை மாடி ஒன்றுதான். மாணவி அளவு நாடாவால் அளந்துவந்தார்: 10 மீட்டர் × 6 மீட்டர், ஆகப் பரப்பு 60 சதுர மீட்டர். அந்த மாடியின் நீர் முழுவதும் தொட்டிக்குச் செல்லும் குழாயில் இறங்குகிறதா என்பதையும் பார்த்துவரச் சொன்னேன். தெருவில் கொட்டும் குழாய் ஒன்று இருந்தால், அந்தப் பகுதியின் பரப்பைக் கழித்துவிட வேண்டும். இந்த வீட்டில் அப்படி இல்லை.

ஓட்டு வீட்டு மாணவர்களுக்கு இன்னொரு கேள்வி எழும்: சாய்ந்த கூரையை எப்படி அளப்பது? சாய்வு நீளம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால், பிதாகரஸ் தேற்றப்படி கிடைமட்ட அகலம் 4 மீட்டர். மேலிருந்து பார்த்தால் கூரை தரையில் மறைக்கும் பரப்பே மழையை ஏந்துகிறது. எனவே கணக்கில் எடுக்க வேண்டியது 4, 5 அல்ல.

வழிந்தோடல் கெழு

கூரையில் விழும் நீர் முழுவதும் குழாய்க்கு வருவதில்லை. தளம் கொஞ்சம் உறிஞ்சும்; பள்ளங்களில் தேங்கியது ஆவியாகும்; கொஞ்சம் வெளியே தெறிக்கும். விழுந்த நீரில் வந்துசேரும் பங்கே வழிந்தோடல் கெழு. அது ஒருபோதும் 1ஐத் தாண்டாது. தகரக் கூரைக்கு 0.9 வரை எடுப்பதுண்டு. தட்டையான காங்கிரீட் மாடிக்கு 0.7 முதல் 0.8 வரை எடுப்பது பாதுகாப்பானது.

0.8 எனில்: 60 × 1,400 × 0.8 = 67,200 லிட்டர்
0.7 எனில்: 60 × 1,400 × 0.7 = 58,800 லிட்டர்

ஆக, விடையை "ஏறத்தாழ 59,000 முதல் 67,000 லிட்டர்" என்று சொல்வதே நேர்மையானது. தோராயமான கெழுவால் பெருக்கிவிட்டு, கடைசி லிட்டர் வரை துல்லியமாகத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது. மாடியைக் கழுவிவரும் முதல் மழைநீரை வெளியேற்றுவதும் உண்டு. 1 மி.மீ. மழையை விட்டுவிட்டால், இந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் 60 லிட்டர் வரை போகும். கெழுவில் இந்த இழப்பு ஏற்கெனவே சேர்ந்துள்ளதா என்று கேட்க வேண்டும். ஒரே இழப்பை இருமுறை கழிப்பதும் பிழைதான்.

ஆண்டு மொத்தமும் தொட்டியும்

நான்கு பேர் உள்ள வீடு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை எடுத்தால் 540 லிட்டர் வேண்டும். 67,200 ÷ 540 = 124 நாள். "அப்படியானால் நான்கு மாதத்துக்கு லாரித் தண்ணீர் வேண்டாம் அல்லவா, ஐயா?" என்று மாணவி கேட்டார். அதற்கு அந்த நீர் முழுவதையும் சேமிக்க இடம் இருக்க வேண்டும். தொட்டியோ 5,000 லிட்டர். சென்னையின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

ஆகவே நான்கு நாள் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினோம். 1 மி.மீ. மழைக்குத் தொட்டிக்கு வருவது 60 × 0.8 = 48 லிட்டர். தொடக்கத்தில் தொட்டியில் 1,000 லிட்டர் இருக்கிறது. மழை முதலில் சேர்ந்து, பிறகு 540 லிட்டர் செலவாவதாகக் கொள்வோம்.

- முதல் நாள் மழை இல்லை. மீதி 460.
- இரண்டாம் நாள் 20 மி.மீ. வரவு 960. மீதி 880.
- மூன்றாம் நாள் 100 மி.மீ. வரவு 4,800. தொட்டி நிரம்பி 680 வழிகிறது. மீதி 4,460.
- நான்காம் நாள் 60 மி.மீ. வரவு 2,880. வழிவது 2,340. மீதி 4,460.

வந்த 8,640 லிட்டரில் 3,020 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தொட்டிக்கு வெளியே போய்விட்டது. அதன்பின் மழை இல்லையென்றால் இருப்பு எட்டு நாளைக்குத்தான் வரும். ஆண்டு மொத்தம் சொல்லாத செய்தி இது. தொட்டியின் அளவை மாற்றி இதே கணக்கை மீண்டும் போடும்படி குழுக்களுக்குக் கொடுக்கலாம். 10,000 லிட்டர் தொட்டியாக இருந்தால் இந்த நான்கு நாளில் ஒரு சொட்டும் வழியாது.

மழையளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், 2019 கோடையில் சென்னை கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. மழை 800 மி.மீ. மட்டுமே பெய்தால், இந்த மாடியில் ஆண்டு முழுவதும் கிடைப்பது 38,400 லிட்டர்தான். சராசரியை மட்டும் வைத்துப் போடும் திட்டம் தேவை மிகுந்த ஆண்டில் கைவிடும்.

மாணவியின் தந்தை கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து, மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டார்: மாடியின் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? கெழு எவ்வளவு, ஏன்? தொட்டி நிரம்பிய பின் நீர் எங்கே போகும்? மூன்றாவதற்குப் பதிலாக, வழியும் நீரைக் கசிவுக் குழி வழியாக நிலத்தடிக்கு இறக்கும் குழாய் புதிய தாளில் சேர்ந்தது. லாரித் தண்ணீர் தேவையில்லை என்ற வரி நீக்கப்பட்டிருந்தது.

வகுப்புக்கு: ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கூரையையோ பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியையோ அளந்து, 10 மி.மீ. மழைக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று முதலில் கணக்கிடட்டும். ஆண்டுக் கணக்கு அதன் பிறகு வரட்டும். அடுத்த மழையன்று, நேரான பக்கங்களுள்ள பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து மழையளவை அளந்து, தொட்டியில் ஏறிய நீரோடு ஒப்பிட்டால், தங்கள் கூரையின் கெழுவை அவர்களே கண்டறியலாம்.