வடக்கு வெளி வீதிக்கு வழி

குரூப் 4 எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு, மதுரைக்காரன் ஒருவன் சொல்கிறேன். ஆசிரியராக இருந்த காலத்தில் தேர்வு நாட்களில் பள்ளி வாசலில் நின்றிருக்கிறேன். கதவு மூடிய பிறகு ஓடி வந்தவர்களில் பலர், ஊருக்குள் அரை மணி நேரம் முன்பே வந்து சேர்ந்தவர்கள்தான். பஸ் அவர்களை ஏமாற்றவில்லை. இறங்கிய இடத்துக்கும் பள்ளிக் கதவுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் ஏமாற்றியது. தேனியிலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு வடக்கு வெளி வீதியில் உள்ள சேதுபதி மேல்நிலைப் பள்ளி மையமாக விழுந்ததாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். (1904இல் பாரதி தமிழாசிரியராக இருந்த பள்ளி அது. கல்வெட்டைப் பார்ப்பதெல்லாம் தேர்வு முடிந்த பிறகு.)

1. ஹால் டிக்கெட்டில் மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். குரூப் 4 மையங்களைத் தாலுகா வாரியாகப் போடுகிறார்கள். மதுரை மாவட்டம் என்றால் மதுரை நகரம்தான் என்றில்லை. மேலூராக இருக்கலாம், திருமங்கலமாக இருக்கலாம், உசிலம்பட்டியாகவும் இருக்கலாம். உசிலம்பட்டி நீங்கள் வருகிற வழியிலேயே இருக்கிற ஊர். அதைத் தாண்டி மதுரை வரை வந்து, மறுபடி அங்கே திரும்பிப் போன பிள்ளை உண்டு. பள்ளியின் பெயரையும் கடைசி எழுத்து வரை படியுங்கள். ஒரே நிர்வாகத்துக்கு ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று மூன்று இருக்கும். மூன்றும் மூன்று தெருவில் இருக்கும்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். தேர்வு 9.30க்கு. 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். உங்கள் ஹால் டிக்கெட்டில் எந்த நேரம் போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். கதவருகே 8.15க்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து பள்ளிக்கு நடை, புதியவர் கேட்டுக் கேட்டு வருவதற்கு, அரை மணி. ஆக 7.45க்குப் பெரியாரில் இருக்க வேண்டும். ஆரப்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் போவதும் சேர்த்து இன்னொரு அரை மணி, 7.15. தேனியிலிருந்து இரண்டு மணி நேரம் என்பார்கள், இரண்டரை என்று போடுங்கள். 4.45க்குத் தேனியில் பஸ் ஏற வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாலும் இந்தக் கணக்கு தாங்கும். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு என்றால் காலையில் டவுன் பஸ் குறைவு. அன்றைக்கு முகூர்த்த நாளாகவும் இருந்தால் வெளியூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. அதனால் நாளையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள்.

3. மதுரைக்கு ஒரு பஸ் நிலையம் இல்லை. தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்துப் பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும். சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பஸ்கள் மாட்டுத்தாவணிக்குப் போகும். பெரியார் பஸ் நிலையம் டவுன் பஸ்களுக்கு. முந்தின வருடம் தேர்வு எழுதிய அண்ணன் சொன்ன வழி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அவர் திருச்சியிலிருந்து வந்திருந்தால் அவர் இறங்கிய இடமே வேறு. செக்கானூரணி தாண்டி நகரத்துக்குள் நுழைந்ததும் காளவாசலில் ஒரு கூட்டம் இறங்கும். கூட்டத்தோடு நீங்களும் இறங்கிவிடாதீர்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் "ஆரப்பாளையம் ஸ்டாண்ட்" என்று சொல்லி டிக்கெட் வாங்குங்கள். தங்கைகள், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இலவசம். அதற்காக அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்காதீர்கள், அன்றைக்கு மட்டும்.

4. இனி நடை. இதற்குத்தான் முந்தின நாள் ராத்திரி பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். மதுரையின் பழைய நகரம் கோவிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வந்தால் முதலில் வெளி வீதி, அடுத்து மாசி வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து சித்திரை வீதி. ஆடி வீதி கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு திசையிலும் உண்டு. ஆகவே "மாசி வீதி" என்று மட்டும் கேட்டால் பாதி விலாசத்தைத்தான் கேட்கிறீர்கள். ஹால் டிக்கெட்டில் ஆங்கிலத்தில் வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட் என்று இருக்கும். தெருவில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், மேலமாசி வீதி என்பார்கள். கிழக்கு என்றால் கீழமாசி வீதி. இதை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியாரில் இறங்கியதும் மேல வெளி வீதியில் வடக்கே நடக்க வேண்டும். சரியாகத்தான் போகிறோமா என்பதற்கு அடையாளம்: சற்று நேரத்தில் ரயில்வே ஸ்டேஷன் உங்கள் இடது கைப்பக்கம் வர வேண்டும். அது வரவே இல்லையென்றால் நீங்கள் திசை மாறி நடக்கிறீர்கள், உடனே திரும்புங்கள். ஸ்டேஷனைத் தாண்டி அதே வீதியில் கடைசி வரை போய், முனையில் வலது பக்கம், அதாவது கிழக்கே திரும்பினால் வடக்கு வெளி வீதி. தலைமைத் தபால் நிலையமும் அந்த வீதியில்தான். நடுவில் வலது பக்கம் பிரிகிற தெருக்களில் குறுக்கு வழி என்று நுழைந்துவிடாதீர்கள். அவை கோவிலை நோக்கிப் போகும். வண்டி போகாத, நடப்பவர்கள் மட்டுமே இருக்கிற வீதிக்கு வந்து கோபுரம் தலைக்கு மேல் நின்றால் அது சித்திரை வீதி. நீங்கள் மூன்று சதுரம் உள்ளே வந்துவிட்டீர்கள். அங்கிருந்து வடக்குத் திசையையே பிடித்து நடந்தால் கடைசியில் வடக்கு வெளி வீதிக்கு வந்துவிடலாம், பதறாதீர்கள்.

5. வழி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "இப்படித்தானே போகணும்?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும், மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். "சேதுபதி ஸ்கூலுக்கு எப்படிண்ணே போகணும்?" என்று கேளுங்கள். தெரிந்தவர் கையை நீட்டித் திருப்பம் திருப்பமாகச் சொல்வார், தெரியாதவர் யோசிப்பார். பூக்காரம்மா, டீக்கடைக்காரர், பேப்பர் போடுகிறவர் ஆகியோர் காலை ஏழு மணிக்கும் தெருவில் இருப்பவர்கள். கடைப் பெயரை அடையாளமாகக் குறித்துக்கொண்டு வராதீர்கள். அந்த நேரத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆட்டோக்காரர் தூரம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஒரு வழிப் பாதைகளால் ஆட்டோவுக்கு அது தூரம்தான்.

6. போன் வரைபடத்தை நம்பி வந்தால் கதவருகே ஒரு தொல்லை. போனைத் தேர்வுக் கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. துணைக்கு வந்தவர் இல்லையென்றால் அதை யாரிடம் கொடுப்பது என்று அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். கூட ஒருவரை அழைத்து வாருங்கள், இல்லையென்றால் விலை குறைந்த பழைய போனைக் கொண்டு வாருங்கள். வழியையும் அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்களையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

7. திரும்பும்போது 12.30க்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். கூட்டம் போகிற பக்கமே போனால் மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள். தேனி பஸ் ஆரப்பாளையத்தில். வந்த வழியே பெரியாருக்கு நடந்து, அங்கே ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடியுங்கள்.